ஒரு கட்டு கொத்தமல்லி எத்தனை கப்? எண்ணிக்கை, கப், எடை: எதை நம்பி சமைப்பது

வீட்டில் எழுதி வைத்த குறிப்பில் "கொத்தமல்லி ஒரு கட்டு, கோஸ் பாதி" என்று இருக்கும். இணையத்தில் எடுத்த குறிப்பிலோ "நறுக்கிய கோஸ் 3 கப்" என்று இருக்கும். முதலாவதைக் கப் கணக்குக்கு மாற்றினால்தான் இன்னொருவருக்குச் சொல்ல முடியும். இரண்டாவதைக் கடையில் கேட்கும் அளவுக்கு மாற்றினால்தான் வாங்கிவர முடியும். இரண்டு மாற்றங்களிலும் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான். காயின் எண்ணிக்கைக்கும் கப்புக்கும் நடுவில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: காய் எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு கழிவு போகும், எப்படி நறுக்குகிறோம். "ஒரு கோஸ் என்றால் 8 கப்" என்று ஒரே வரியில் சொல்லும் அட்டவணைகள் இந்த மூன்றையும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

எண்ணிக்கை, கப், எடை என்ற மூன்றில் எந்தக் காய்க்கு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய, இரண்டு காய்களை முழுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். ஒன்று கோஸ், இன்னொன்று கொத்தமல்லி. கோஸில் சிக்கல் மிதமானது. கொத்தமல்லியில்தான் உச்சம். மற்ற காய்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலோ, கோஸைவிட எளிதான பக்கத்திலோ வந்துவிடும்.

எளிதான பக்கத்துக்கு வெங்காயம் ஒன்றைச் சொல்லிவிடலாம். நடுத்தரப் பெரிய வெங்காயம் தோல் உரித்தபின் ஏறக்குறைய 100 கிராம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவு அட்டவணைப்படி நறுக்கிய வெங்காயம் ஒரு கப் 160 கிராம். ஆகவே ஒன்றரை வெங்காயம் நறுக்கினால் ஒரு கப். துண்டு கனமானது, கப்பில் தானாகவே அடங்கி உட்காரும், அமுக்கினாலும் பெரிதாகக் குறையாது. வெங்காயம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குழம்பு கெட்டுப்போகாது. தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் இதே வகைதான். இவற்றுக்கு "2 வெங்காயம், 3 தக்காளி" என்று எண்ணிக்கையில் எழுதுவதே நல்லது. கடைக்குப் போகிறவருக்கும் புரியும், அடுப்படியில் நிற்பவருக்கும் புரியும். இவற்றைக் கப்பாக்குவதில் எந்த லாபமும் இல்லை. சின்ன வெங்காயத்தை மட்டும் எண்ணாமல் எடை போட்டு எழுதுங்கள். அளவு ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும் காய் அது.

இப்போது கோஸ். கடையில் 900 கிராம் எடையுள்ள, கையில் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும் ஒரு கோஸ் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வெளி இலை இரண்டு மூன்றை உரித்துவிடுகிறோம். நடுத்தண்டை வெட்டி எடுக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 180 கிராம் போய்விடும். மீதி 720 கிராம். இதைச் சிறு சதுரத் துண்டுகளாக நறுக்கினால் ஒரு கப் 89 கிராம் என்பது அதே அமெரிக்க அட்டவணையின் கணக்கு. அப்படியானால் 8 கப் கிடைக்கும். ஆனால் அதே கோஸை நூடுல்ஸுக்குப் போடுவதுபோல் நீளவாக்கில் மெல்லிய இழைகளாகச் சீவினால் ஒரு கப் 70 கிராம்தான். அப்போது 10 கப்புக்கும் மேல் வரும். கோஸ் ஒன்றுதான், கத்தி போன விதம்தான் வேறு, இரண்டு கப் வித்தியாசம் வந்துவிட்டது.

ஏன் இப்படி? கப் அளப்பது காயை மட்டும் அல்ல, காய்க்கு நடுவில் உள்ள காற்றையும் சேர்த்துத்தான். சதுரத் துண்டுகள் ஒன்றன் இடுக்கில் ஒன்று இறங்கி அமரும். நீள இழைகள் குறுக்கும் நெடுக்குமாக நின்று ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அதனால் இழைக்கு இடையில் காற்று அதிகம். "நறுக்கியது" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடுவதால்தான் ஒருவர் வீட்டு 4 கப், இன்னொருவர் வீட்டில் 5 கப் ஆகிறது.

கோஸில் இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. குறிப்பு சொல்லும் கப் பச்சையாக நறுக்கியதா, வெந்ததா என்று பாருங்கள். வெந்த கோஸ் ஒரு கப் 150 கிராம். பச்சையில் 4 கப் (சுமார் 355 கிராம்) போட்டுப் பொரியல் செய்தால், கொஞ்சம் நீர் வற்றி, இலை துவண்டு, தட்டில் வரும்போது இரண்டு கப்புக்குச் சற்று மேல்தான் இருக்கும். "நாலு பேருக்கு 4 கப் பொரியல் வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு 4 கப் பச்சைக் கோஸை நறுக்குகிறவருக்கு இங்கேதான் கணக்கு விழும். ஆளுக்கு 80 முதல் 90 கிராம் பச்சைக் கோஸ் என்று வைத்தால் நாலு பேருக்கு 360 கிராம். நம் 900 கிராம் கோஸில் சரியாகப் பாதி. "கோஸ் பாதி" என்று அந்தப் பழைய குறிப்பில் எழுதியிருந்தது நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கச்சிதமான அளவுதான், கோஸ் 900 கிராமாக இருக்கிற வரைக்கும்.

அந்த நிபந்தனைதான் எண்ணிக்கையின் பலவீனம். உருண்டைக் காயின் எடை அதன் விட்டத்தோடு நேராகக் கூடுவதில்லை, விட்டம் × விட்டம் × விட்டம் என்ற கணக்கில் கூடும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோஸுக்கும் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோஸுக்கும் கண்ணுக்கு மூன்று விரல் அகலம்கூட வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே இறுக்கமாக இருந்தால் பெரியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. இறுக்கம் வேறுபட்டால் கணக்கு இன்னும் விலகும். இலை தளர்வாக விரிந்த கோஸ் உருவத்தில் பெரிதாக இருந்தும் தூக்கினால் இலேசாக இருக்கும், வெளி இலையும் அதிகம் கழியும். "நடுத்தர கோஸ்" என்று எழுதுவது ஏறக்குறைய எதையும் சொல்லாததற்குச் சமம். நல்லவேளையாக நம் ஊர்க் கடைகளில் கோஸை நிறுத்துத்தான் தருகிறார்கள். பில்லிலேயே எடை இருக்கிறது. அதை ஒருமுறை பார்த்து, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, 90 ஆல் வகுத்தால் கப் எண்ணிக்கை வந்துவிடும். 1.2 கிலோ என்றால் கழித்தபின் 960 கிராம், வகுத்தால் பத்தரை கப். சமையலுக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

கொத்தமல்லிக்கு வருவோம். இங்கே கட்டு என்பதே அளவு அல்ல. காய் வாங்கும்போது கொசுறாகச் சொருகித் தருவதும் கட்டுதான், உழவர் சந்தையில் வேரோடு, மண்ணோடு, இரண்டு கைக்கும் அடங்காமல் தருவதும் கட்டுதான். ஆடியில் மெலிந்திருக்கும் கட்டு, பனிக்காலத்தில் விலை இறங்கும்போது தடித்துவிடும். கோஸுக்கு உள்ளதுபோல் பில்லில் எடையும் பெரும்பாலும் இருக்காது.

100 கிராம் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேரை வெட்டி, மஞ்சள் இலையைப் பொறுக்கி, அடித்தண்டில் முற்றிய பகுதியை நீக்கினால் இலையும் இளந்தண்டுமாக 60 கிராம் அளவில் தேறும். இலையை மட்டும் கிள்ளி எடுத்தால் இதைவிடவும் குறையும். இதைக் கப்பில் அளக்கும்போதுதான் வேடிக்கை. நறுக்காத இலையைத் தூவினாற்போல் நிரப்பினால் ஒரு கப் 16 கிராம் என்கிறது அமெரிக்க அட்டவணை. நறுக்கி, அமுக்காமல் நிரப்பினால் ஏறக்குறைய 24 கிராம். பொடியாக நறுக்கி விரலால் அமுக்கி நிரப்பினால் 40 கிராம் வரை போகும். ஆக நம்மிடம் உள்ள 60 கிராம் முதல் முறையில் கிட்டத்தட்ட 4 கப், இரண்டாவதில் 2½ கப், மூன்றாவதில் 1½ கப். கட்டு ஒன்று, கப் மட்டும் ஒன்றரையிலிருந்து நாலு வரை. கோஸில் கத்தி 8 கப்பை 10 கப்பாக்கியது. இங்கே விரலின் அழுத்தமே கணக்கைப் பாதியாக்கிவிடுகிறது.

ரசத்திலும் சாம்பாரிலும் மேலே தூவுவதற்கு என்றால் இது எதுவும் பொருட்டே இல்லை. "கொஞ்சம் கொத்தமல்லி" என்றே எழுதலாம். கொத்தமல்லியே பிரதானமாக வரும் துவையல், சட்னி, கொத்தமல்லி சாதம் ஆகியவற்றில்தான் அடி விழும். 60 கிராம் கொத்தமல்லிக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, நெல்லிக்காய் அளவு புளி, 4 மிளகாய் வற்றல், ஒன்றரை மேசைக்கரண்டி உளுந்து என்று ஒரு துவையல் சரியாக அமைந்திருக்கிறது என்போம். எழுதுகிறவர் தன் கப்பில் அமுக்கி அளந்துவிட்டு "நறுக்கிய கொத்தமல்லி 1½ கப்" என்று மட்டும் எழுதிவிடுகிறார். படிப்பவர் அமுக்காமல் அளக்கிறார். அவர் போட்ட கொத்தமல்லி 36 கிராம்தான். உப்பு, புளி, மிளகாய் எல்லாம் 60 கிராமுக்கு உரியவை. இலைக்கு உப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று துவையலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பச்சை நிறம் மங்கி, புளியும் உளுந்தும் சேர்ந்த பழுப்பு மேலோங்கி நிற்கும். வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கொத்தமல்லி வாசம் கடைசியில்தான் வரும். அரைக்கும்போதே விழுது கெட்டியாகி மிக்ஸி திணறும், ஏனென்றால் அதற்கு ஈரம் கொடுப்பது இலைதான். இலை குறைந்தால் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அப்போது உப்பு இறங்கினாலும் வாசம் இன்னும் நீர்த்துப்போகும். கையில் மீதிக் கொத்தமல்லி இருந்தால் அதைச் சேர்த்து அரைப்பதுதான் சரியான வைத்தியம். இல்லையென்றால் தேங்காய்த் துருவல் சேர்த்துச் சமன் செய்யலாம். ஆனால் அது வேறு துவையல் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எழுதியவர் இலையைத் தூவி அளந்து "4 கப்" என்று எழுதியிருக்க, படிப்பவர் அமுக்கி 4 கப் எடுத்தால் 160 கிராம் போய்விடும். இரண்டரைக் கட்டுக்கும் மேல் கொத்தமல்லி. காசும் வீண், துவையலும் பச்சை நெடியோடு சப்பென்று இருக்கும். புதினா, கீரை, வெந்தயக்கீரை எல்லாமே இந்த வகைதான். பசலைக்கீரை பச்சையில் ஒரு கப் 30 கிராம், வெந்தபின் ஒரு கப் 180 கிராம். ஆறு கப் கீரையை வேகவைத்தால் ஒரு கப் ஆகிவிடும் என்று பொருள். கீரைக்குக் கப்பில் அளவு எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது, கைப்பிடி. இதைத் தோராயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் கொத்தமல்லிக்குக் கப்பைவிடக் கைப்பிடி மேல். கையால் பிடிக்கும்போது இலை தானாகவே அமுங்கிவிடுகிறது. தூவியதா, அமுக்கியதா என்ற குழப்பம் அங்கே எழுவதே இல்லை. ஒருவர் கையில் இன்றைய பிடியும் நாளைய பிடியும் நெருங்கியே இருக்கும். குறை என்னவென்றால் அம்மாவின் பிடி மகனின் பிடி ஆகாது. ஆகவே சொந்த நோட்டுக்குக் கைப்பிடி நல்லது, ஊருக்கு எழுதும் குறிப்புக்கு அது போதாது. உங்கள் பிடி எத்தனை கிராம் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

எடையிலும் கோளாறு இல்லாமல் இல்லை. கொத்தமல்லியைக் கழுவி, உதறிவிட்டு உடனே தராசில் வைத்தால் இலையில் ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து நிற்கும். தராசு காட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கலாம். எனவே வேரையும் மண் படிந்த பகுதியையும் வெட்டியெறிந்து, கழுவுவதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள். மண் மிகுதியாக இருந்து முதலில் கழுவியே ஆகவேண்டுமென்றால் துணியில் பரப்பி ஈரம் போனபின் நிறுங்கள். இன்னொன்று, பல வீட்டுத் தராசுகள் மிகச் சிறிய எடையில் நிலையாகக் காட்டாது. 5 கிராம் கொத்தமல்லியை அதில் நிறுக்க முயல்வது வீண். அந்த அளவுக்கு மேசைக்கரண்டியே போதும்.

இனி எதிர்த்திசைக் கணக்கு. குறிப்பில் சுத்தம் செய்த அளவு இருக்கிறது, கடையில் எவ்வளவு வாங்குவது? 500 கிராம் சுத்தமான கோஸ் வேண்டும், கழிவு 20 சதவீதம் என்றால் பலரும் 500 உடன் 20 சதவீதம் கூட்டி 600 வாங்குவார்கள். 600-இல் 20 சதவீதம் கழிந்தால் 480 தான் மிஞ்சும், 20 கிராம் குறைவு. கூட்டக் கூடாது, 0.8 ஆல் வகுக்க வேண்டும். 500-ஐ 0.8 ஆல் வகுத்தால் 625. கோஸில் இந்தத் தவறு சிறியது, யாருக்கும் தெரியாது. கழிவு 40 சதவீதமாக உள்ள கொத்தமல்லியில் இதே தவறைச் செய்தால் 60 கிராமுக்கு 84 கிராம் வாங்குவோம், கையில் நிற்பது 50 கிராம். சரியான விடை 60-ஐ 0.6 ஆல் வகுத்த 100 கிராம். கழிவு கூடக் கூட இந்த இடைவெளி அகலும். வாழைப்பூ, பலாக்காய் போன்றவற்றில் ஏமாறுவது இதனால்தான்.

பெரிய விசேஷம் என்றால் கப்பை மறந்துவிடுங்கள். 50 பேருக்கு இலையில் வைக்கும் கோஸ் பொரியல், ஆளுக்கு 60 கிராம் என்று வைத்தால் சுத்தம் செய்தது 3 கிலோ. வாங்க வேண்டியது 3.75 கிலோ. இதையே கப்பில் சொன்னால் 34 கப். 34 தடவை கப்பை நிரப்பும்போது சில கப் கூடும், சில குறையும், அது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் நிரப்புகிறவர் ஒவ்வொரு கப்பையும் கொஞ்சம் தளர்வாகவே விடும் பழக்கம் உள்ளவரானால், அந்தப் பிழை சரிக்கட்டாது, சேர்ந்துகொண்டே போகும். கப்புக்கு 15 சதவீதம் குறைந்தால் 34 கப்பில் 5 கப், அதாவது 450 கிராம். கடைசிப் பந்தியில் ஏழெட்டுப் பேருக்குப் பொரியல் இருக்காது. ஆறு கப்புக்கு மேல் போகும் எந்தக் காயையும் எடையில்தான் கணக்கிட வேண்டும் என்பது என் முடிவு. அந்த அளவில் எண்ணிக்கையையும் நம்ப முடியாது. 900 கிராம் கோஸ் என்றால் நாலுக்கு மேல் வேண்டும், 1.2 கிலோ கோஸ் என்றால் மூன்றுக்குச் சற்று மேல் போதும்.

கப் அளவுகூட எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. 240-க்கும் 250-க்கும் உள்ள 4 சதவீத வித்தியாசத்தைப் பற்றிக் காய் விஷயத்தில் கவலையே வேண்டாம், அமுக்கும் விரல் அதைப் பத்து மடங்கு மிஞ்சிவிடும். ரைஸ் குக்கர் கப்பால் அளந்தால் மட்டும் கால் பங்கு குறைந்துவிடும், அதைக் கவனியுங்கள்.

தராசு எப்போதும் கைவசம் இருக்காது என்பவர்கள், இருக்கும் ஒரு நாளில் தங்கள் வீட்டுக்கான கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமாக எப்படி நறுக்குவீர்களோ அப்படியே நறுக்கி, கரண்டியால் அள்ளிப் போட்டு, அமுக்காமல், தட்டாமல், விளிம்போடு சமமாக்கி நிறுங்கள். கொட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை நிரப்பி நிறுங்கள். மூன்று தடவையும் விடை பத்து சதவீதத்துக்குள் நெருங்கி வந்தால் அந்தக் காயைக் கப்பில் அளக்கலாம். வெங்காயம், கேரட், பீன்ஸ் போன்றவை இந்தத் தேர்வில் தேறும். பெரிய பூவாக விட்ட காலிஃபிளவர் தேறுவது கடினம், ஏனென்றால் துண்டு கப்பின் வாய்க்குச் சமமாக இருக்கும்போது ஒரு பூ கூடினாலும் குறைந்தாலும் எடை தாவிவிடும். அதைச் சின்னப் பூக்களாகப் பிரித்தால் ஓரளவு கட்டுப்படும். கொத்தமல்லி, மூன்று தடவையும் மூன்று விடை தரும்.

குறிப்பு எழுதும்போது கோஸுக்கு "360 கிராம், பொடியாக நறுக்கியது, அமுக்காமல் 4 கப், 900 கிராம் கோஸில் பாதி" என்று மூன்றையும் ஒரே வரியில் தருவது நல்லது. கடையில் நிற்பவர் கடைசிப் பகுதியைப் பார்ப்பார், தராசு உள்ளவர் முதல் பகுதியை, இல்லாதவர் நடுப்பகுதியை. கொத்தமல்லிக்கு "60 கிராம், வேரும் முற்றிய தண்டும் நீக்கியது, 100 கிராம் கட்டு ஒன்று" என்று நிறுத்திவிடுங்கள். கப் கேட்டே தீருவேன் என்பவர்களுக்காக எழுத வேண்டி வந்தால் "பொடியாக நறுக்கி அமுக்கி அளந்தது 1½ கப்" என்று முழுவதும் எழுதுங்கள், அதில் "அமுக்கி" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.